யூரியா 24, யூரியா 51

அப்பாவை டிஸ்சார்ஜ் செய்த அன்று ஆறு பக்கக் காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மூன்றாம் பக்கத்தில் அந்தப் பத்தி இருந்தது. சிறுநீர்த் தொற்று, குளிர்காய்ச்சல், வயது 71, பல வருடச் சர்க்கரை என்று ஐந்து நாள் படுத்திருந்தவரின் ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் யாரோ ஒரு டூட்டி டாக்டர் ஒரே மூச்சில் தட்டி வைத்திருந்தார். அலகு கிடையாது, இயல்பு வரம்பு கிடையாது, எந்தத் தேதியில் எடுத்தது என்பதும் கிடையாது.

```
Hb 10.8, TC 11.2, P78 L16 E4 M2, Plt 1.8, ESR 46,
RBS 212, Urea 24, Creat 1.3, Na 131, K 4.6, Cl 98,
Alb 2.8, Ca 8.0, CRP 6.4, Trop I <0.01
```

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். எண்கள் வரிசையாக நிற்காமல் இப்படிக் கமா போட்டு ஓடினால் எனக்குக் கை அரிக்கும். அடுத்த வாரம் மறுபரிசோதனைக்குப் போகும்போது டாக்டர் ஒரு பார்வையில் பார்க்கிற மாதிரி அட்டவணை போட்டுக் கொண்டு போவோம் என்று அன்று இரவே எக்செலைத் திறந்தேன். அரை மணி நேர வேலை என்று நினைத்தது ஒன்பது நாள் இழுத்தது. நடுவில் ஓர் இரவு வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அந்த இரவுக்கு நான் போட்ட அட்டவணைதான் காரணம்.

முதல் இடறல் பிளேட்லெட். பத்தியில் 1.8 என்று இருந்தது. இணையத்தில் தேடினால் இயல்பு வரம்பு 150 முதல் 450 என்று வந்தது. அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் அப்பாவுக்கு ரத்தம் உறையவே வழியில்லை என்று அட்டவணை சொல்லியிருக்கும். நம் ஊரில் டெங்கு சீசனில் ஒரு தடவையாவது ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களுக்கு இது தெரியும்: நாம் பிளேட்லெட்டை லட்சத்தில் பேசுகிறோம். 1.8 என்றால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம். வெளிநாட்டுப் பக்கங்கள் அதையே ஆயிரத்தில் சொல்லி 180 என்று எழுதுகின்றன. அதே வரியில் சற்று முன்னால் இருக்கும் வெள்ளையணு 11.2 மட்டும் ஆயிரத்தில் இருந்தது, அதாவது 11,200. ஒரே குழாய் ரத்தத்தில், ஒரே இயந்திரம் எண்ணிய இரண்டு எண்ணிக்கை. ஒன்று ஆயிரத்தில், இன்னொன்று லட்சத்தில், இரண்டுக்கும் நடுவில் வெறும் கமா. எழுதிய டாக்டருக்கு இதில் குழப்பமே இருந்திருக்காது. படிப்பவரும் டாக்டர்தான் என்று நினைத்து எழுதியது அது.

அடுத்து வந்த P78 L16 E4 M2 எனக்குப் பிடித்திருந்தது. வெள்ளையணு வகைகளின் சதவீதம் அது. கூட்டிப் பார்த்தால் சரியாக 100 வந்தது. அந்தப் பத்தி முழுவதிலும் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் எண்கள் இவை நான்குதான். மற்றவை எல்லாம் தட்டச்சில் தவறியிருந்தாலும் காட்டிக்கொடுக்காது.

எக்செல் செய்த வேலை

வெள்ளையணுவுக்கு வரம்பு 4-11 என்று ஒரு கட்டத்தில் அடித்து என்டர் தட்டினேன். எக்செல் அதை 04-Nov என்று மாற்றி வைத்தது. தேதி என்று நினைத்துவிட்டதாம். சரி, கீழ் வரம்புக்கு ஒரு நெடுவரிசை, மேல் வரம்புக்கு ஒரு நெடுவரிசை என்று பிரித்தேன். அது எப்படியும் செய்திருக்க வேண்டிய வேலைதான், ஏனென்றால் வரம்பைத் தாண்டியதைச் சிவப்பில் காட்ட ஃபார்முலா போட வேண்டும். பி-யில் முடிவு, சி-யில் அலகு, டி-யில் கீழ் வரம்பு, ஈ-யில் மேல் வரம்பு. வரம்புக்குக் கீழே என்றால் L, மேலே என்றால் H.

```
=IF(B2<D2,"L",IF(B2>E2,"H",""))
```

கீழே வரை இழுத்துவிட்டேன். இரண்டு இடத்தில் விசித்திரமாக H விழுந்தது. ஒன்று, நான் இன்னும் வரம்பு நிரப்பாத வரி. காலிக் கட்டத்தை எக்செல் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது, எந்த முடிவும் பூஜ்யத்தைவிட அதிகம்தானே. இன்னொன்று ட்ரோபோனின். மாரடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை அது. இயந்திரத்தால் அளக்கவே முடியாத அளவுக்குக் குறைவு என்பதைத்தான் <0.01 என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கோணல் குறி இருப்பதால் எக்செலுக்கு அது எண் இல்லை, எழுத்து. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எழுத்துதான் பெரியது என்பது எக்செலின் சட்டம். ஆக, அப்பாவின் முடிவுகளிலேயே நிம்மதி தரக்கூடிய ஒன்று சிவப்பில் H என்று நின்றது. அம்மா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ட்ரோபோனின்னா இதயம்தானே?" என்று கேட்டார். இல்லம்மா, இது கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்லி மாற்றினேன்.

```
=IF(COUNT(B2,D2:E2)<3,"?",IF(B2<D2,"L",IF(B2>E2,"H","")))
```

முடிவு, கீழ் வரம்பு, மேல் வரம்பு மூன்றும் எண்ணாக இருந்தால் மட்டும் தீர்ப்புச் சொல், இல்லாவிட்டால் கேள்விக்குறி போடு என்பது இதன் பொருள். கீழ் வரம்பு இல்லாத பரிசோதனைகளுக்கு அங்கே 0 போட்டுவிடலாம். அந்தக் கேள்விக்குறியை அன்று நான் ஏதோ ஃபார்முலா சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் இருந்த காலிகளை எல்லாம் இணையத்தில் தேடித் தேடி நிரப்பி, ட்ரோபோனின் தவிர ஒரு கேள்விக்குறிகூட இல்லாமல் ஆக்கினேன். யூரியாவுக்கு டெசிலிட்டருக்கு மில்லிகிராம், வரம்பு 15 முதல் 45. சிஆர்பிக்கு லிட்டருக்கு மில்லிகிராம், 5 வரை. பார்க்க அழகாக இருந்தது.

அந்த இரவு

டிஸ்சார்ஜ் ஆன ஏழாம் நாள் எங்கள் தெரு முனை லேபில் ரத்தம் கொடுத்தோம். டாக்டர் எழுதிக் கொடுத்தது நான்கே நான்கு: யூரியா, கிரியேட்டினின், சோடியம், சிஆர்பி. சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. பழைய முடிவுக்குப் பக்கத்திலேயே புது நெடுவரிசை திறந்து எண்களைப் போட்டேன். யூரியா 24 இருந்தது 51 ஆகியிருந்தது. சிஆர்பி 6.4 இருந்தது 18 ஆகியிருந்தது.

இரண்டும் சேர்ந்து ஒரு கதை சொல்லின. சிஆர்பி என்றால் உடம்பில் அழற்சி, பெரும்பாலும் தொற்று. அது மூன்று மடங்கு. யூரியா என்றால் சிறுநீரகம். அது இரண்டு மடங்கு. தொற்று அடங்கவில்லை, சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று மருத்துவம் படிக்காத யாரும் இரண்டே விநாடியில் முடிவு கட்டிவிடலாம். நானும் கட்டினேன். பத்தியாக இருந்திருந்தால் இப்படிப் பயந்திருப்பேனா என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் எங்கோ கிடந்த 24 நினைவுக்கே வந்திருக்காது. பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் நிற்க வைத்தேன், அதனால் இரண்டும் ஒரே ஜாதி எண் என்று ஆகிவிட்டது. அவற்றை ஒப்பிடலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, கட்டம்தான் சொன்னது.

ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். எடுத்த நர்ஸ் காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, சிறுநீர் சரியாகப் போகிறாரா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் நன்றாக இருந்தது. அப்பா அப்போது டிவி முன்னால் உட்கார்ந்து மூன்றாவது தோசை கேட்டுக்கொண்டிருந்தார். "ஏதாவது மாறுச்சுன்னா உடனே கூட்டிட்டு வாங்க, இல்லன்னா ரிவ்யூவுக்கு வாங்க போதும்" என்றார் நர்ஸ். போனை வைத்ததும் அம்மா சாம்பாரில் பருப்பை நிறுத்திவிட்டார். கிட்னிக்குப் பருப்பு ஆகாது என்று எங்கோ கேட்டது.

மறுநாள் காலை லேப் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். லேப் நடத்தும் அக்கா இருபது வருடமாக எங்கள் தெருவுக்கே ஊசி குத்துபவர். டிஸ்சார்ஜ் காகிதத்தையும் என் பிரின்ட் அவுட்டையும் நீட்டினேன். அட்டவணையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பத்தியைத்தான் முதலில் படித்தார்.

"தம்பி, கிரியாட்டினின் பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். அன்று 1.3, இன்றும் 1.3. மாறவில்லை என்பதால் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

"கிட்னி அந்த அளவுக்குக் கெட்டிருந்தா அது சும்மா இருக்குமா? நீங்க 24-ஐ ரெண்டு புள்ளி ஒண்ணு நாலால பெருக்கிப் பாருங்க."

போனில் தட்டினேன். 51.36.

பாதி ஆஸ்பத்திரிகள் யூரியாவை அப்படியே யூரியாவாக எழுதுகின்றன, மீதி அதில் இருக்கும் நைட்ரஜனை மட்டும் எழுதுகின்றன என்றார் அக்கா. பிந்தையதற்குப் பெயர் பியுஎன், பிளட் யூரியா நைட்ரஜன். அமெரிக்காவில் அதுதான் வழக்கம். நம் ஊரில் இரண்டும் நடமாடுகிறது. யூரியா மூலக்கூறின் எடை 60, அதற்குள் இருக்கும் இரண்டு நைட்ரஜனின் எடை 28. அறுபதை இருபத்தெட்டால் வகுத்தால் 2.14. பரிசோதனை ஒன்றேதான், ரத்தமும் ஒன்றேதான். சர்க்கரை மூட்டையை எடை போடுவதா, அதிலிருக்கும் கரியை மட்டும் எடை போடுவதா என்கிற மாதிரி வித்தியாசம். இதில் கொடுமை என்னவென்றால் இரண்டுக்கும் அலகும் ஒன்றே, டெசிலிட்டருக்கு மில்லிகிராம். அலகு எழுதாததால்தான் தவறு வந்தது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அலகு எழுதியிருந்தாலும் இது பிடிபட்டிருக்காது. வரம்பு எழுதியிருந்தால் பிடிபட்டிருக்கும்: பியுஎன்னுக்கு 7 முதல் 20, யூரியாவுக்கு 15 முதல் 45 என்று இரண்டும் வேறு வேறு ஏணிகள். இணையத்திலிருந்து எடுத்த 15, 45-ஐ அந்த 24-க்குப் பக்கத்தில் போட்டு, அதை இயல்பு என்று கறுப்பில் காட்டியதே என் கைவேலைதான். நிஜத்தில் அன்றைக்கே அது வரம்பைச் சற்றுத் தாண்டித்தான் இருந்தது, இன்றைக்கும் அதே அளவுதான் தாண்டியிருக்கிறது.

"அப்ப சிஆர்பி?" என்றேன். அதுவும் இப்படித்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்ப் பருப்பு போடச் சொல்லிவிடலாம்.

அக்கா தலையை ஆட்டினார். "லிட்டருக்கும் போடுவாங்க, டெசிலிட்டருக்கும் போடுவாங்க. பத்து மடங்கு வித்தியாசம். உங்க ஆஸ்பத்திரி எதுல போட்டாங்கன்னு தெரியாம நான் சொல்ல மாட்டேன்."

எனக்கு அப்போது கொஞ்சம் எரிச்சல்தான். குளிர்காய்ச்சலோடு போய்ச் சேர்ந்தவருக்கு, வெள்ளையணு 11,200 இருக்கும்போது, சிஆர்பி லிட்டருக்கு 6.4 மட்டும் என்றால் அது நம்பும்படி இல்லை. டெசிலிட்டராகத்தான் இருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். ஆனால் அதை என் அட்டவணையில் எழுதச் சொல்லவில்லை. "உங்களுக்குள்ள வச்சுக்கோங்க, பேப்பர்ல போடாதீங்க. பேப்பர்ல போட்டா அது ரிசல்ட் ஆயிடும்."

யாருடைய வரம்பு

அன்று மதியமே ஆஸ்பத்திரி ரெக்கார்டு செக்ஷனுக்குப் போய் லேபின் மூல பிரின்ட் அவுட் கேட்டேன். ஒரு விண்ணப்பம், ஒரு மணி நேரக் காத்திருப்பு. உயிர்வேதியியல் தாள் கிடைத்தது. அதில் பிளட் யூரியா நைட்ரஜன் 24, வரம்பு 7 முதல் 20 என்று தெளிவாக அச்சாகியிருந்தது. லேபின் தவறே இல்லை. சுருக்கம் எழுதியவர் யூரியா என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார், அவ்வளவுதான். சிஆர்பி வேறு தாளில் வருமாம், அந்தத் தாள் கோப்பில் இல்லை.

அந்த மூலத்தாளை வைத்து அட்டவணையை முதலிலிருந்து போட்டேன். இந்தத் தடவை இணையத்திலிருந்து ஒரு வரம்பும் எடுக்கவில்லை. வரம்பு என்பது உடம்பின் விதி என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆரோக்கியமானவர்கள் ஒரு கூட்டத்தை எடுத்து, ஒரு குறிப்பிட்ட முறையில் அளந்து, நடுவில் வரும் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு ஓரத்திலும் இரண்டரை இரண்டரை சதவீதத்தை வெட்டிவிடுகிறார்கள். வேறு இயந்திரம், வேறு வேதிப்பொருள், வேறு கூட்டம் என்றால் வரம்பும் கொஞ்சம் நகரும். அதனால்தான் ஒவ்வொரு லேபும் தன் வரம்பைத் தன் ரிப்போர்ட்டிலேயே அச்சடிக்கிறது. 1969-இல் பின்லாந்தைச் சேர்ந்த கிராஸ்பெக், சாரிஸ் என்ற இருவர், 'இயல்பு மதிப்பு' என்று சொல்லாதீர்கள், 'ஒப்பீட்டு மதிப்பு' என்று சொல்லுங்கள் என்று எடுத்துச் சொன்னார்கள். லேப் உலகம் ஏற்றுக்கொண்டது. வீட்டில் நாம் இன்னும் நார்மல் என்றுதான் சொல்கிறோம். அந்த வெட்டப்பட்ட ஐந்து சதவீதத்திலும் நல்ல ஆரோக்கியமானவர்கள்தான் இருந்தார்கள். ஒன்றையொன்று சாராத இருபது பரிசோதனை என்று வைத்துக்கொண்டால், நோயே இல்லாத ஒருவருக்கும் குறைந்தது ஒன்றாவது வரம்புக்கு வெளியே விழுவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். என் சிவப்பு நிறத்துக்கு இந்தக் கணக்கு தெரியாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. முதல் அட்டவணையில் நான் பரிசோதனைகளை உறுப்பு வாரியாகப் பிரித்திருந்தேன்: அல்புமின் கல்லீரலின் கீழ், கால்சியம் உப்புகளின் கீழ். கால்சியம் 8.0 சிவப்பில் தனியாக நின்றது. பத்தியில் பார்த்தால் டூட்டி டாக்டர் இரண்டையும் ஒட்டி எழுதியிருக்கிறார். ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தில் கிட்டத்தட்ட பாதி அல்புமின் போன்ற புரதத்தின் முதுகில்தான் சவாரி செய்கிறது. புரதம் குறைந்தால் மொத்தக் கால்சியமும் குறைந்து தெரியும். அல்புமின் 4-க்கு எவ்வளவு குறைவோ அதை 0.8-ஆல் பெருக்கிக் கூட்டுவது பழைய வழக்கம்: 4-இல் 2.8 போனால் 1.2, பெருக்கினால் 0.96, கூட்டினால் கிட்டத்தட்ட 9. இது தோராயம்தான், சந்தேகம் வந்தால் புரதத்தில் ஒட்டாத கால்சியத்தையே நேரடியாக அளப்பார்கள். ஆனால் அந்த மனுஷர் அவசரத்தில் எழுதிய பத்தியிலும் எதற்குப் பக்கத்தில் எது இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருந்திருக்கிறது. நான் அழகாகப் பிரித்து அதைக் கலைத்துவிட்டேன். இரண்டையும் மறுபடி ஒட்டி வைத்தேன்.

கடைசியில் இரண்டு நெடுவரிசைகள் கூடுதலாகச் சேர்த்தேன். ஒன்று ரத்தம் எடுத்த தேதி. மூலத்தாளைப் பார்த்தபோதுதான், பத்தியில் அடுத்தடுத்த வரியில் நின்ற சோடியம் 131-உம் அல்புமின் 2.8-உம் மூன்று நாள் இடைவெளியில் எடுத்தவை என்று தெரிந்தது. இன்னொன்று, அலகும் வரம்பும் எங்கிருந்து வந்தன என்பது. லேப் தாளில் அச்சானது என்றால் 'அச்சு'. நானாக ஊகித்தது என்றால் அதை எழுதாமல் காலியாக விட்டு 'இல்லை'. இரண்டு லேபின் எண்கள் ஒரே வரியில் வரக் கூடாது என்பதால் ஒவ்வொரு லேபுக்கும் தனி வரி.

```
சோதனை    | முடிவு | அலகு   | கீழ் | மேல் | தேதி   | மூலம்
BUN      | 24   | mg/dL | 7   | 20  | நாள் 1  | அச்சு   | H
Urea     | 51   | mg/dL | 15  | 45  | நாள் 12 | அச்சு   | H
Creat    | 1.3  | mg/dL | 0.7 | 1.3 | நாள் 1  | அச்சு   |
Creat    | 1.3  | mg/dL | 0.7 | 1.3 | நாள் 12 | அச்சு   |
CRP      | 6.4  |       |     |     |        | இல்லை  | ?
CRP      | 18   | mg/L  | 0   | 5   | நாள் 12 | அச்சு   | H
```

முதலில் போட்டதைவிட இது அசிங்கமாகத்தான் இருந்தது. ஒரே பரிசோதனை இரண்டு வரியில் வருகிறது, நடுவில் பொக்கை விழுந்த மாதிரி மூன்று நான்கு காலிக் கட்டம்.

மறுபரிசோதனைக்குப் போனோம். டாக்டர் அட்டவணையை வாங்கி, தேதி நெடுவரிசையை விரலால் தேய்த்துக்கொண்டே கீழே வந்தார். யூரியாவில் நிற்கவே இல்லை. சோடியம் 131-இலிருந்து 135-க்கு வந்திருப்பதைப் பார்த்து "நல்லது" என்றார். கேள்விக்குறியில் விரல் நின்றது.

"இது ஏன் காலி?"

தாள் கிடைக்கவில்லை என்றேன்.

"எங்க லேப்ல சிஆர்பி டெசிலிட்டர்லதான் வரும்" என்றவர், உடனே எழுதிவிடாமல் கம்ப்யூட்டரைத் திருப்பி அப்பாவின் எண்ணைத் தட்டிப் பார்த்தார். சேர்த்த அன்று எடுத்தது, டெசிலிட்டருக்கு 6.4 மில்லிகிராம். பேனாவை எடுத்து என் காலிக் கட்டத்தில் 64 என்று எழுதி, பக்கத்தில் லிட்டருக்கு என்று போட்டு, அதிலிருந்து கீழே இருந்த 18-க்கு ஓர் அம்புக்குறி இழுத்தார். அம்பு கீழ்நோக்கி இருந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்கு, இறங்கிட்டிருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு இதே லேப்ல ஒரு தடவை பார்த்துடலாம். வேற லேப்ல வேணாம்."

அம்மா அதுவரை பேசாமல் இருந்தார். எழுந்திருக்கும்போது, "டாக்டர், பருப்பு போடலாமா?" என்றார்.